காரைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்டை அளந்து பாருங்கள்

கார் வாங்க முடிவெடுத்ததும் விலை, மைலேஜ், பாதுகாப்பு மதிப்பெண் எல்லாவற்றையும் ஒப்பிட்டு மூன்று நான்கு பெயர்களைக் குறித்துக்கொள்கிறோம். டேப் வீட்டில்தான் கிடக்கிறது. அதை எடுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்குவதுதான் முதல் வேலையாக இருக்க வேண்டும். குறுகலான தெருவில் வீடு உள்ளவர்களுக்கு, பட்டியலில் பாதிக் கார்களை அந்த டேப்பே அடித்துவிடும்.

முதலில் ஒரு பொதுவான நம்பிக்கையைப் பார்ப்போம். நான்கு மீட்டருக்குள் நீளமுள்ள கார்களுக்கு வரி குறைவு என்பதால் நம் ஊரில் பல மாடல்கள் 3,995 மில்லிமீட்டரில் வந்து நிற்கின்றன. ‘நாலு மீட்டர் வண்டி, அதனால் சின்ன வண்டி’ என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் வரிக் கணக்கு பார்ப்பது நீளத்தைத்தான், அகலத்தை அல்ல. நான்கு மீட்டருக்குள் இருக்கும் மாருதி பிரெஸ்ஸாவின் அகலம் 1,790 மி.மீ. அதைவிட ஓர் அடிக்கு மேல் நீளமான ஹூண்டாய் கிரெட்டாவின் அகலமும் அதே 1,790தான். ஸ்விஃப்ட் 1,735, வேகன் ஆர் 1,620. சந்துக்குள் தினமும் போய்வரப் போகிறவர் பிரவுச்சரில் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணை. அதிலும் பக்கக் கண்ணாடிகள் சேர்வதில்லை. இரண்டையும் விரித்தால் சுமார் 20 செ.மீ. அல்லது அதற்கும் மேல் கூடும். ஷோரூமிலேயே கண்ணாடியின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை டேப் பிடித்துப் பார்த்துவிடலாம்.

தெருவை அளக்கும்போது பத்திரத்தில் உள்ள அகலத்தை நம்ப வேண்டாம். மின்கம்பம், எதிர்வீட்டுப் படிக்கட்டு, தூக்கி நிற்கும் சாக்கடை மூடி, நிரந்தரமாக நிற்கும் பைக் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் தின்றுவிடும். மெயின் ரோட்டிலிருந்து வீடு வரை எந்த இடம் மிகக் குறுகலோ, அதுவே உங்கள் தெருவின் அகலம். கேட்டிலும் பில்லருக்குப் பில்லர் அளந்தால் போதாது. கதவுகளை முழுக்கத் திறந்து வைத்து, கதவுக்கும் கதவுக்கும் நடுவே அளக்க வேண்டும். கீலும் கதவின் தடிமனும் சேர்ந்து நான்கு அங்குலம் வரை எடுத்துக்கொள்வது சாதாரணம்.

நேராகப் போகிற வண்டிக்கு இந்த அளவு போதும். ஆனால் தெருவில் வரும் வண்டி கேட்டுக்குள் 90 டிகிரி திரும்பியாக வேண்டும். சிக்கல் அங்கேதான். ஓர் உதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். தெரு 13 அடி, ஆனால் எதிர்வீட்டுப் படி ஓர் அடி நீண்டிருப்பதால் மிச்சம் 12 அடி. கேட் பில்லருக்குப் பில்லர் 8 அடி, கதவு போக 7 அடி 8 அங்குலம். ஸ்விஃப்ட்டின் உடல் அகலம் ஐந்தே முக்கால் அடிகூட இல்லை. ஏறக்குறைய இரண்டடி மிச்சம் இருக்கிறதே, தாராளமாகப் போகும் என்றுதான் தோன்றும்.

போகாது, முன்பக்கமாக நுழைந்தால். ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வருவதில்லை. வளைவின் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதனால் பின்கதவு அருகிலுள்ள பில்லரை உரசப் பார்க்கும். அதைத் தவிர்க்கச் சற்றுத் தள்ளித் திருப்பினால் பம்பரின் வெளிமூலை எதிர்ப் பில்லரில் போய் நிற்கும். ஸ்விஃப்ட்டின் திரும்பும் ஆரம் 4.8 மீட்டர். வீல்பேஸையும் முன்பக்க நீட்டத்தையும் சேர்த்துத் தோராயமாகக் கணக்கிட்டால், 12 அடித் தெருவிலிருந்து ஒரே திருப்பத்தில் முன்பக்கமாக நுழைய அதற்கு ஏறக்குறைய 8 அடி 10 அங்குலக் கேட் வேண்டும்.

அதே வண்டியை ரிவர்ஸில் நுழைத்தால் கணக்கு மாறுகிறது. பின்பகுதி முதலில் கேட்டுக்குள் போய்விடும். அகலமாக வீசித் திரும்பும் மூக்கு அப்போது தெருவில்தான் இருக்கும். முன்பக்கமாக நுழைய அகலமான கேட் வேண்டும், ரிவர்ஸில் நுழைய அகலமான தெரு வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். நம் உதாரண வீட்டில் ரிவர்ஸில் போக ஸ்விஃப்ட்டுக்கு சுமார் 7 அடி 3 அங்குலம் போதும். நான்கைந்து அங்குலம் மிச்சம், அதாவது பக்கத்துக்கு இரண்டரை அங்குலம்கூட இல்லை. கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு, கை பழகியவர் போகலாம். வேகன் ஆருக்கு ஆறரை அடி போதும், ஓர் அடிக்கு மேல் மிச்சம் இருக்கும். கிரெட்டாவுக்கு எட்டரை அடிக்கு மேல் வேண்டும். ஒரே திருப்பத்தில் அது நுழையவே நுழையாது. முன்னும் பின்னுமாக எடுத்து எடுத்துத்தான் சேர்க்க வேண்டும். அந்த நேரத்தில் பின்னால் வந்து நிற்கும் ஆட்டோ ஹாரன் அடிக்கும். தினமும் காலை, மாலை இதைச் செய்ய முடியுமா என்பதை வாங்கும் முன்பே யோசித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதெல்லாம் காகிதக் கணக்கு. முடிவாகச் சொல்லக்கூடியது வண்டிதான். டெஸ்ட் டிரைவை மெயின் ரோட்டில் முடித்துக்கொள்ளாமல் வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். பல டீலர்கள் அனுப்புகிறார்கள். கேட்டுக்குள் நுழையும்போது, வீட்டில் யார் அதிகம் ஓட்டப்போகிறாரோ அவரே ஸ்டியரிங்கைப் பிடிக்கட்டும். டீலரின் டிரைவர் ஒரே மூச்சில் ஏற்றிவிடுவதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. வீடு இன்னும் கட்டி முடியவில்லை என்றால், காலி மைதானத்தில் தண்ணீர் பாட்டில்களை நட்டுத் தெருவையும் கேட்டையும் அதே அளவில் அமைத்து ஓட்டிப் பார்க்கலாம்.

வண்டி உள்ளே போன பிறகு கேட் மூட வேண்டுமே. 3,995 மி.மீ. என்பது 13 அடி 1 அங்குலம். 13 அடி ஆழமுள்ள போர்டிகோவில் ‘நாலு மீட்டர்’ வண்டியை நிறுத்தினால் பம்பர் கேட்டில் முட்டும். உள்பக்கமாகத் திறக்கும் இரட்டைக் கதவாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 8 அடிக் கேட்டில் ஒவ்வொரு கதவும் நான்கடி. அது சுழல அத்தனை இடமும் காலியாக இருக்க வேண்டும். ஆகவே வண்டி நீளத்தோடு நான்கடியைக் கூட்டி, 17 அடிக்குக் குறைந்தால் ஸ்லைடிங் கேட்டுக்கு மாற்றும் செலவையும் காரின் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குக் கேட் பிரச்சினை பெரும்பாலும் இல்லை, பில்லர்தான் பிரச்சினை. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் சொல்கின்றன. ஆனால் பழைய கட்டடங்களில் அந்த அளவை எதிர்பார்க்க முடியாது. புதியதிலும் பில்லர் எங்கே நிற்கிறது என்று நேரில் பார்த்தால்தான் தெரியும். ஒருவர் நெருக்கடியில்லாமல் இறங்கக் கதவுக்கு வெளியே சுமார் இரண்டடி வேண்டும். 1,790 மி.மீ. வண்டியை 2.5 மீட்டர் இடத்தில் ஒரு பக்கமாக ஒட்டி நிறுத்தினால் மறுபக்கம் இரண்டடிக்குச் சற்று மேல் கிடைக்கும். வலப்பக்க நடுவில் பில்லர் இருந்தால் டிரைவர் கதவு அதில்தான் இடிக்கும். அப்படியானால் வண்டியைத் திருப்பி நிறுத்திப் பாருங்கள். முன்பக்கமாக விடுவதற்குப் பதில் ரிவர்ஸில் விட்டால் டிரைவர் கதவு மறுபக்கத்துக்குப் போய்விடும்.