சிப்பை இழுக்காதீங்க... மிதக்க விடுங்க!

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மீஞ்சூர் பகுதியில் வெள்ளம் சூழ்ந்தது. இப்படித் தண்ணீரில் நனைந்த போனில் சார்ஜிங் ஐசி மட்டும் போயிருந்தால், அதை மட்டும் கழற்றி மாற்றலாம். ஆனால் பக்கத்துப் பாகங்கள் தப்பணுமே?

முதலில் பேட்டரியைக் கழற்றி, பிளாஸ்டிக் கனெக்டர்களை வெப்பம் தாங்கும் கேப்டன் டேப்பால் மூட வேண்டும். சிப்பைச் சுற்றி ஃபிளக்ஸ் தடவி, ஹாட் ஏர் நாசிலை வட்டமாகச் சுற்றணும். ஈயமில்லா சோல்டர் சுமார் 217 டிகிரி செல்சியஸில் உருகும்; போர்டு வெப்பத்தை இழுப்பதால் மெஷினில் 350 வரை வைக்கிறார்கள். காற்றின் வேகம் கூடினால் குட்டி கெபாசிட்டர்கள் பறந்துவிடும்.

ட்வீசரால் லேசாகத் தொட்டதும் சிப் நகர்ந்து, தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பினால் சோல்டர் உருகிவிட்டது, தூக்கலாம். அதற்கு முன்பே இழுத்தால், அடியிலுள்ள செம்பு பேட் பிய்ந்துவிடும். புதுச் சிப் உட்கார இடமே இருக்காது!