கிரகணம் விடும் வரை ஒரு தொழுகை

கி.பி. 632 ஜனவரி 27. மதீனாவில் நபிகள் நாயகத்தின் மகன் இப்ராஹீம் இறந்துபோயிருந்தார். மாரியா அம்மையாருக்குப் பிறந்த அந்தக் குழந்தைக்கு ஏறத்தாழ ஒன்றரை வயது. அன்று காலை, வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில் சூரியனைக் கிரகணம் பிடித்தது. அது வளைய கிரகணம். மதீனாவில் அது பகுதி கிரகணமாகத் தெரிந்து, சூரியனின் பெரும்பகுதி மறைந்தது. அன்றைய கிரகணத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டே வானியலாளர்கள் இந்தத் தேதியைச் சொல்கிறார்கள்.

ஊருக்குள் பேச்சு கிளம்பியது. “இப்ராஹீம் இறந்ததால்தான் சூரியன் இருண்டது” என்றார்கள். மகனை இழந்த தகப்பனுக்கு ஊரே ஆறுதலாகச் சொன்ன வார்த்தை அது. நபிகள் அதை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் இறைவனின் சான்றுகளில் இரண்டு. யாருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை. கிரகணத்தைக் கண்டால் அது விடும் வரை தொழுங்கள், இறைஞ்சுங்கள் என்று அறிவித்தார். இறைவன் தன் அடியார்களை எச்சரிப்பதற்கான அடையாளம் இது என்றும் சொன்னார். முஸ்லிம்கள் இன்றும் தொழும் கிரகணத் தொழுகைக்கு அடிப்படை இந்த அறிவிப்புதான். துக்கத்தில் இருந்தவர், அதுவும் தன் வீட்டுக்குப் பெருமை சேர்க்கும் ஒரு நம்பிக்கையை அன்றைக்கே மறுத்தார் என்பதுதான் இந்த வரலாற்றில் நெஞ்சைத் தொடும் இடம்.

அந்தக் காலை அவர் மேலாடையை இழுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்கு விரைந்தார் என்று ஹதீஸ் நூல்கள் பதிந்திருக்கின்றன. இந்தத் தொழுகைக்கு வழக்கமான பாங்கும் இல்லை, இகாமத்தும் இல்லை. ‘அஸ்ஸலாத்து ஜாமிஆ’, அதாவது தொழுகைக்காக ஒன்றுகூடுங்கள் என்று மட்டும் கூவி அழைக்கச் செய்தார். மக்கள் வரிசை கட்டி நிற்க, இரண்டு ரக்அத் தொழவைத்தார்.

வழக்கமான ஒரு ரக்அத்தில் ஒரு நிலை (நின்று குர்ஆன் ஓதுவது), ஒரு ருகூஃ (குனிவது), இரண்டு ஸஜ்தா (நெற்றி தரையில் படப் பணிவது) இருக்கும். கிரகணத் தொழுகையில் ஒவ்வொரு ரக்அத்திலும் இரண்டு நிலை, இரண்டு ருகூஃ. இமாம் நெடுநேரம் ஓதி, நெடுநேரம் குனிந்திருந்து நிமிர்வார். மற்ற தொழுகையாக இருந்தால் அடுத்தது ஸஜ்தா. இதில் மறுபடியும் கையைக் கட்டி, அல்ஃபாத்திஹா அத்தியாயத்தைத் திரும்பவும் ஓதி, முன்பைவிடச் சற்றுக் குறைவாக இன்னொரு நீண்ட ஓதல். பிறகு முன்பைவிடச் சற்றுக் குறைவாக இன்னொரு ருகூஃ. அதற்குப் பிறகே ஸஜ்தா. இரண்டாம் ரக்அத்தும் இப்படியே, ஆனால் முதல் ரக்அத்தைவிடச் சுருக்கமாக. தொழுகை முழுவதும் படிப்படியாக இறங்கிக்கொண்டே வரும்.

முதல் நிலை அல்பகரா அத்தியாயத்தை ஓதும் அளவுக்கு நீண்டது என்கிறார், உடன் தொழுத இப்னு அப்பாஸ். குர்ஆனிலேயே மிக நீண்ட அத்தியாயம் அது, 286 வசனங்கள். வேகமாக ஓதினாலும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிவிடும். அதைவிட நீண்ட ஸஜ்தாவை நான் செய்ததே இல்லை என்றார் ஆயிஷா அம்மையார்.

அன்று பின்னால் நின்றவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதை அபூபக்கரின் மகள் அஸ்மா சொல்லிவைத்திருக்கிறார். அவர் தங்கை ஆயிஷாவிடம் வந்தபோது எல்லோரும் தொழுதுகொண்டிருந்தார்கள். “மக்களுக்கு என்ன ஆயிற்று?” என்று கேட்டார். தொழுகையில் இருந்த ஆயிஷா வானத்தை நோக்கிக் கையைக் காட்டினார். அஸ்மாவும் சேர்ந்துகொண்டார். நின்று நின்று மயக்கம் வரும்போல இருந்ததால், பக்கத்தில் இருந்த தோல்பையிலிருந்து தண்ணீர் எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியபோது தன்னைவிடப் பலவீனமான ஒரு பெண் நிற்பதைப் பார்த்து, அவரே நிற்கிறாரே என்று தொடர்ந்து நின்றதாகவும் அவர் கூறியிருக்கிறார். இது கடமையான தொழுகை அல்ல, வலியுறுத்தப்பட்ட சுன்னத் என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. ஆகவே முடியாதவர் உட்கார்ந்தும் தொழலாம்.

இவ்வளவு நீளம் எதற்கு? ‘கிரகணம் விடும் வரை’ என்ற கட்டளையில்தான் விடை இருக்கிறது. இந்தத் தொழுகையின் நேரம் சூரியன் மறையத் தொடங்கும்போது தொடங்கி, முழுதாக வெளிப்படும்போது முடிகிறது. வானியல் கணக்கைப் பார்த்துப் பள்ளிவாசல்கள் முன்கூட்டியே அறிவிக்கலாம். ஆனால் அந்தந்த ஊரில் கிரகணம் தெரியாவிட்டால் தொழுகை இல்லை. வேறொரு கண்டத்தில் பிடிக்கும் கிரகணத்துக்காக இங்கே யாரும் தொழுவதில்லை.

2019 டிசம்பர் 26 கிரகணத்தை எடுத்துக்கொள்வோம். கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை வட்டாரங்களில் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்தது. வளையம் சுமார் மூன்று நிமிடம்தான். ஆனால் காலை எட்டு மணிக்குச் சற்றுப் பின் பிடித்த கிரகணம் விட்டபோது பதினொன்றே கால் ஆகியிருந்தது. ஷாஃபிஈ சட்டநூலான இமாம் நவவியின் ‘மின்ஹாஜ்’ முழு அளவு ஒன்றைச் சொல்கிறது: முதல் நிலையில் அல்பகரா முழுவதும், அடுத்தடுத்த மூன்று நிலைகளில் அதன் 200, 150, 100 வசனங்கள் அளவு, நான்கு ருகூஃகளில் முறையே 100, 80, 70, 50 வசனங்கள் அளவுக்கு இறைத்துதி. அதை அப்படியே நிறைவேற்றினால் வேகமாக ஓதும் இமாமுக்கே இந்த மூன்று மணி நேரமும் போதாது. அதனால் மக்களின் உடல்நிலையைப் பார்த்துச் சுருக்கியே தொழவைக்கிறார்கள். ஒவ்வொரு நிலையிலும் அல்ஃபாத்திஹாவை மட்டும் ஓதினாலும் தொழுகை கூடிவிடும். தொழுது முடித்தும் கிரகணம் விடவில்லை என்றால் மறுபடி தொழ வேண்டியதில்லை; துஆவிலும் தர்மத்திலும் நேரத்தைக் கழிக்கலாம். தொழுகைக்கு நடுவிலேயே விட்டுவிட்டால், மீதியைச் சுருக்கி முடிக்க வேண்டும். விட்ட பிறகு தொடங்குவதற்கோ, தவறியதை மறுநாள் தொழுவதற்கோ இடமில்லை.

தமிழ்நாட்டில் எல்லாப் பள்ளிவாசலிலும் ஒரே முறையைக் காண முடியாது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் ஷாஃபிஈ மத்ஹபினர் அதிகம். அவர்கள் ரக்அத்துக்கு இரண்டு ருகூஃ செய்வார்கள், முடிந்ததும் இமாம் குத்பா உரை நிகழ்த்துவார். ஹனஃபி மத்ஹபினர் மற்ற தொழுகைகளைப் போலவே ரக்அத்துக்கு ஒரு ருகூஃ மட்டும் செய்து, ஓதலை நீட்டுவார்கள். அவர்களிடம் குத்பா கிடையாது. இரு தரப்பும் ஹதீஸ் ஆதாரம் காட்டுகின்றன.

இரண்டு ருகூஃ முறையில், பழக்கமில்லாதவர்கள் தடுமாறும் இடம் முதல் ருகூஃவிலிருந்து நிமிர்ந்த பிறகுதான். உடல் தானாகவே ஸஜ்தாவுக்கு இறங்கப் பார்க்கும். அதனால் பல இமாம்கள் தொடங்கும் முன்பே முறையை விளக்கிவிடுகிறார்கள். தாமதமாக வருபவருக்கும் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வழக்கமான தொழுகையில் இமாம் ருகூஃவில் இருக்கும்போது சேர்ந்துவிட்டால் அந்த ரக்அத் கிடைத்துவிடும். கிரகணத் தொழுகையில் முதல் ருகூஃவைப் பிடித்தவருக்கே அது கிடைக்கும் என்பது ஷாஃபிஈ சட்டம். இரண்டாவது ருகூஃவில் வந்து சேர்ந்தவர் கூடவே தொழ வேண்டும். ஆனால் அந்த ரக்அத் கணக்கில் வராது. இமாம் ஸலாம் கொடுத்த பிறகு எழுந்து, இரண்டு நிலை, இரண்டு ருகூஃவுடன் அதை முழுதாகத் தொழ வேண்டும்.