புகை யார் வீட்டுக்கும் போகாமல்: உரிமையாளருக்கு ஒரு கடிதம்

மும்பை மாதுங்காவில், மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் நம் அன்பர் ஒருவர் சிறிய டிபன் கடை நடத்தி வருகிறார். தோசைக்கல்லின் எண்ணெய்ப் புகையும் தாளிப்பின் நெடியும் முதல் மாடி வீட்டுக்குள் புகுவதாகப் புகார் எழுந்தது. “ஒரு மாதத்தில் புகையை நிறுத்துங்கள், இல்லையேல் கடையைக் காலி செய்யுங்கள்” என்று கட்டட உரிமையாளர் சொல்லிவிட்டார். அன்பர் இன்னும் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினார். புகார் இரண்டாம் மாடிக்கும் ஏறியது!

காரணம் எளிது. ஃபேன் புகையை வெளியே தள்ளுமே தவிர, உயரே கொண்டு போகாது. சூடான புகை சுவரை ஒட்டியே ஏறி, திறந்திருக்கும் ஜன்னலில் நுழைந்துவிடும். அதைக் குழாய்க்குள் அடைத்து மொட்டை மாடிக்கு மேலே விட வேண்டும். சுவருக்குச் சேதம் வருமோ, செலவு தம் தலையில் விழுமோ என்பதே உரிமையாளரின் கவலை. அதற்கெல்லாம் பதில் சொல்லும்படி அன்பர் எழுதிய கடிதம் இது:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். மாடியில் இருப்போர் படும் தொல்லை உண்மை. என் ஃபேன் அதைத் தீர்க்கவில்லை. அடுப்புகளுக்கு மேல் 6 அடிக்கு 3 அடி ஹூட், அதில் கழற்றிக் கழுவக்கூடிய எண்ணெய் வடிகட்டி, பின்சுவர் வழியாக மொட்டை மாடிக்கு மேல் வரை 15 அங்குல விட்டமுள்ள தகரக் குழாய், அதன் உச்சியில் ப்ளோயர் ஆகியவற்றை அமைக்க அனுமதி கோருகிறேன். குழாய் எந்த ஜன்னலையும் மறைக்காது. ப்ளோயர் அதிராதபடி அடியில் ரப்பர் வைக்கப்படும். செலவு முழுவதும் என்னுடையது. வடிகட்டியைத் தினமும் கழுவி, குழாயை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்வேன். காலி செய்யும்போது கழற்றிச் சுவரைச் சரிசெய்து தருவேன். வரைபடம் இணைத்துள்ளேன். தங்கள் சம்மதத்தை எழுத்தில் தர வேண்டுகிறேன்.”

ப்ளோயரை உச்சியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. கீழே வைத்தால் அது புகையை மேலே தள்ளும். குழாயின் இணைப்புகளில் சிறு இடைவெளி இருந்தாலும் புகை கசியும். மேலே இருந்து உறிஞ்சினால், அதே இடைவெளியில் வெளிக்காற்றுதான் உள்ளே போகும். மழைக்குப் பயந்து உச்சியில் குடைபோல் மூடி போடுவதும் தவறு. அது புகையைத் திரும்பக் கீழே தள்ளும். வாய் வானம் பார்த்து இருக்கட்டும். இறங்கும் நீருக்கு அடியில் வடிகால் போதும். குழாயைத் துடைக்க ஆங்காங்கே கதவு வேண்டும். உள்ளே படியும் எண்ணெய் தீப்பிடிக்கும்.

மாநகராட்சி விதியையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

உரிமையாளர் சம்மதித்தார். வேலை முடிந்ததும், அவரையும் முதல் மாடி அம்மாவையும் அழைத்து, ஹூட்டின் விளிம்பருகே ஊதுபத்தி பிடித்துக் காட்டினார் அன்பர். புகை வெளியே அலைந்தது. அடைத்திருந்த பின்கதவைத் திறந்ததும் நேராக உள்ளே இழுபட்டது. வெளியேறும் அளவு காற்று உள்ளே வந்தால்தான் புகைபோக்கி இழுக்கும்.