"ததம்புன்னா என்னம்மா?"

ஆடிப் பதினெட்டுக்குக் கொல்லிமலை போயிருந்தோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் தலை சுற்றி என் தோளில் சாய்ந்து கிடந்த ஆறு வயதுப் பெண், செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இவர் யாரும்மா? என்ன பண்ணினார்?" என்று ஓயாத கேள்வி.

ஓரியின் வில்லாண்மையை வன்பரணர் பாடியிருக்கிறார். புறநானூற்றில் 152-ஆம் பாட்டு. ஓரி எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, புள்ளிமானை உருட்டி, காட்டுப் பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாம். குழந்தைக் கதைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரே சம்பவம் ஐந்து முறை திரும்ப வருகிறது. கதையை வசனமாகச் சொல்லி, அம்பு பாயும் இடத்தில் மட்டும் பாட்டு வைக்கலாம் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் பழைய நோட்டில் எழுதினேன்.

வில்லை வளைத்தான் ஓரிமன்னன்
விர்ரென் றங்கே பாய்ந்ததம்பு

எனக்கு ரொம்பப் பெருமை. இரவு படித்துக் காட்டினேன். "ததம்புன்னா என்னம்மா?" என்றாள் பெண். "பாய்ந்தது அம்பு" என்பதைத் தாளத்துக்காகச் சேர்த்து எழுதியதில் வந்த வினை. மறுநாள் இன்னும் மோசம். "பாட்டு வேண்டாம்மா, கதையை மட்டும் சொல்லு" என்று சொல்லிவிட்டாள்.

எங்கே தப்பு என்று உட்கார்ந்து யோசித்தேன். பள்ளியில் படித்த அசை கைகொடுத்தது. அதை நான் "தட்டு" என்று வைத்துக்கொண்டேன். நெடில் தனியாக வந்தால் ஒரு தட்டு. குறிலோடு அடுத்த எழுத்தும் சேர்ந்தால் அதுவும் ஒரே தட்டுதான். புள்ளி எழுத்து முன்னதோடு ஒட்டிக்கொள்ளும். ஆக, "வில்-லை" இரண்டு, "வளைத்-தான்" இரண்டு, "ஓ-ரிமன்-னன்" மூன்று. இரண்டு, இரண்டு, மூன்று: ஒவ்வொரு வரியும் இப்படியே வந்தால் பாட்டு ஓடும். கணக்குப்படி என் முதல் இரண்டு வரிகளும் சரிதான். ஆனால் தாளம் சரியாக இருந்தும் பேச்சு கெட்டுப் போயிருந்தது. அதனால் "விட்ட அம்பு நிற்கவில்லை" என்று மாற்றினேன். இது நாம் வீட்டில் பேசுகிற மாதிரியே இருக்கிறது. "விட்-ட, அம்-பு, நிற்-கவில்-லை" என்று தாளமும் தப்பவில்லை.

அடுத்த தொல்லை மிருகங்களால் வந்தது. "யானை மீது" என்றால் சரியாக இருக்கிறது. அதே இடத்தில் "புலி மீது" என்றால் கால் இடறுகிறது. "யா-னை" இரண்டு தட்டு, "புலி" ஒன்றே ஒன்று. "மான்" கூட அப்படித்தான். கொஞ்ச நேரம் "வேங்கை", "கலைமான்" என்றெல்லாம் தேடிப் பார்த்தேன். அதற்கு அவசியமே இருக்கவில்லை. "புலியின்", "மானின்", "உடும்பின்" என்று ஒரு "இன்" சேர்த்தால் எல்லாம் இரண்டு தட்டாகிவிடுகின்றன. பன்றிக்கு மட்டும் அந்த "இன்" ஆகாது. "பன்-றியின்" என்று எண்ணிக்கை இரண்டாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டாவது தட்டு கனத்துவிடும், சொல்லும்போது நாக்கு இழுபடும். "பன்றி மீது" என்று விட்டுவிட்டேன். நாம் பேசுவதும் அப்படித்தானே!

வில்லை வளைத்தான் ஓரிமன்னன்
விட்ட அம்பு நிற்கவில்லை
யானை மீது பாய்ந்தபின்னும்
அதற்குக் கொஞ்சம் களைப்புமில்லை

இதையே மற்ற மூன்றுக்கும் பெயரை மட்டும் மாற்றிப் பாடலாம். உடும்பில் அம்பு நின்றுவிடுகிறதே, அங்கே மட்டும் "உடும்பின் மீது பாய்ந்தபின்தான் / அதற்கு மேலே தெம்புமில்லை" என்று முடித்தேன். நாலு தடவை "களைப்புமில்லை" கேட்ட குழந்தை, ஐந்தாவது தடவை வேறு சொல் வந்ததும் கைகொட்டிச் சிரிக்கிறது.

வசனத்தையும் கொஞ்சம் திருத்த வேண்டியிருந்தது. முதலில், அம்பு பாய்ந்ததை வசனத்திலும் சொல்லிவிட்டு அதையே பாட்டிலும் சொன்னேன். தெரிந்த விஷயத்தை யார் கேட்பார்கள்? இப்போது வசனம், "புதருக்குப் பின்னால் புலி பதுங்கி நின்றது. ஓரி அதைப் பார்க்கவே இல்லை. ஆனால் அம்பு..." என்று நின்றுவிடும். மீதியைப் பாட்டுதான் சொல்லும். "யானை செத்துப் போச்சா?" என்று பெண் கேட்டபோது ஆமாம் என்றேன். ஓரி வேட்டைக்குப் போனவர் என்பதை வசனத்திலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டில் ரத்தத்தைக் கொண்டு வருவதில்லை.

ஒரு விஷயம், எழுதியவள் படித்தால் குறை தெரியவே தெரியாது. எனக்கு ராகம் மனசில் இருக்கிறது, குறைகிற இடத்தில் தானாக இழுத்துவிடுவேன். ஆகவே நோட்டை என் நாத்தனாரிடம் கொடுத்து, முன்கூட்டிப் பார்க்காமல் உரக்கப் படிக்கச் சொன்னேன். பழைய "புலி மீது" வரியில் நின்று, "என்ன அண்ணி, ஏதாவது விட்டுப்போச்சா?" என்றாள். புதிய வரிகளில் அவள் எங்கேயும் நிற்கவில்லை.

போன வாரம் சமையலறையில் இருந்தபோது கூடத்தில் குரல் கேட்டது. "கரடி மீது பாய்ந்தபின்னும், அதற்குக் கொஞ்சம் களைப்புமில்லை!" விரல் விட்டு எண்ணினேன். கர-டி, இரண்டு தட்டு, சரியாக இருக்கிறது.

"வன்பரணர் பாட்டில் கரடி இல்லையேடி" என்றேன்.

"இருக்கட்டும்மா, அது அந்தப் பக்கமா ஓடி வந்துச்சு" என்றாள்.