துணி சொட்டச் சொட்ட வருகிறதா?

துவைத்து முடித்த பிறகும் துணி சொட்டச் சொட்ட வந்தால், மோட்டார் போய்விட்டதோ என்று பதற வேண்டாம். முதலில் டிரம்முக்குள் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் கோளாறு பெரும்பாலும் தண்ணீர் வெளியேறும் வழியில்தான். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை மெஷின் டிரம்மை வேகமாகச் சுற்ற விடாது.

முன்பக்கம் கதவுள்ள பல மெஷின்களில், கீழே ஒரு மூலையில் சிறு மூடி இருக்கும். பிளக்கைப் பிடுங்கி, சுடுநீராக இருந்தால் ஆறவிட்டு, தட்டும் பழந்துணியும் வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் ஃபில்டரை மெல்லத் திருகுங்கள். பஞ்சு, சில்லறைக் காசு, ஹேர்பின் என்று வந்து விழும். கழுவி இறுக்கமாக மாட்டுங்கள். பின்னால் செல்லும் கழிவுநீர்க் குழாய் சுவரோடு நசுங்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

தண்ணீர் வடிந்தும் துணி ஈரமாக இருந்தால் சுமையைக் கவனியுங்கள். கனமான போர்வையைத் தனியாகப் போட்டால் அது ஒரே பக்கமாகத் திரண்டுவிடும். மெஷின் பலமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, ஆட்டத்துக்குப் பயந்து வேகமெடுக்காமலே நின்றுவிடும். போர்வையை உதறி, இரண்டு துண்டுகளைச் சேர்த்து, ஸ்பின் மட்டும் ஓட்டுங்கள்.

ஃபில்டர் சுத்தமாக இருந்தும், பம்ப் உறுமியபடி தண்ணீரை வெளியேற்றவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.