தணிக்கை நாட்கள் - 9: ஒரு குறை, நான்கு தேதிகள்

கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலை. ஐஎஸ்ஓ 9001 உள்தணிக்கையின் முடிவுக் கூட்டம். துறைத் தலைவர்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

எந்தெந்தப் பிரிவுகளைப் பார்த்தோம் என்பதையும், பார்த்தது சில மாதிரிகளைத்தான், பார்க்காத இடத்திலும் குறை இருக்கலாம் என்பதையும் முதலில் சொல்லிவிடுவேன். அன்று மூன்று குறைகள். இரண்டு, பதிவேட்டுப் பிழைகள், சட்டென்று முடிந்தன. மூன்றாவதுதான் நேரத்தைத் தின்றது.

"ஷாஃப்ட் கிரைண்டிங் மெஷின்ல ஒரு மைக்ரோமீட்டர் உபயோகத்துல இருந்தது. காலிபரேஷன் ஸ்டிக்கர் இல்ல. அளவுக் கருவிகள் பட்டியல்லயும் அதோட நம்பர் இல்ல. 20 மி.மீ. ஸ்லிப் கேஜ் வெச்சுப் பார்த்தோம், 20.01 காட்டுச்சு. பிரிவு 7.1.5.2-ன்படி இது குறை" என்றேன். ஆபரேட்டர் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு அவர் மேல் திரும்பிவிடும்.

உற்பத்தித் தலைவர் உடனே, "அதை எடுத்துடறோம் சார். ஆபரேட்டருக்கு டிரெயினிங் கொடுத்துடறோம்" என்றார். முக்கால்வாசிக் கூட்டங்களில் இந்தப் பதிலோடு கோப்பை மூடிவிடுவார்கள்.

கருவி கூட்டிக் காட்டினால், அது சரியென்று சொன்ன ஷாஃப்ட் உண்மையில் அந்த அளவுக்குச் சிறுத்திருக்கும். பேரிங் உட்காரும் இடத்தில் 0.01 மி.மீ. குறைந்தாலே பிடிப்பு தளரலாம். அதனால், இதுவரை அளந்து அனுப்பிய ஷாஃப்டுகளின் கதி என்ன என்பதற்கும் பதில் வேண்டும். விதியும் அதைக் கேட்கிறது.

அடுத்த சண்டை, யார் பொறுப்பு என்பது. "பட்டியல் குவாலிட்டியோடது" என்றார் உற்பத்தி. "எங்க கைக்கு வராத கருவியை நாங்க எப்படிப் பட்டியல்ல ஏத்தறது?" என்றார் குவாலிட்டி. அதுவரை பேசாமலிருந்த ஸ்டோர்ஸ் தலைவரிடம் ரசீதைக் கேட்டேன். அவசரத் தேவைக்கு உள்ளூர்க் கடையில் வாங்கி, நேரே மெஷினுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஓட்டை அங்கேதான். ஆபரேட்டருக்குப் பயிற்சி கொடுத்து அதை அடைக்க முடியாது.

தேதியை நான் விதிப்பதில்லை. செய்யப்போகிறவர் வாயிலிருந்து வர வேண்டும். மைக்ரோமீட்டரை விலக்குவது உற்பத்தித் தலைவர், அன்றே. கையிருப்பு ஷாஃப்டுகளை மறுபடி அளப்பது, அனுப்பியவற்றைக் கண்டுபிடித்து என்ன செய்வதென்று முடிவெடுப்பது குவாலிட்டித் தலைவர், ஒரு வாரம். குவாலிட்டியின் பதிவு எண் இல்லாமல் எந்த அளவுக் கருவியையும் வெளியே கொடுக்காதபடி நடைமுறையை மாற்றுவது ஸ்டோர்ஸ் தலைவர். அவர் பத்து நாள் கேட்டார். கொள்முதல் மென்பொருளில் மாற்றம் வேண்டுமே என்றதும் மூன்று வாரமாயிற்று. பிடிக்க முடியாத தேதியைவிட அது மேல். மூன்று மாதம் கழித்துப் புதுக் கொள்முதல் ரசீதுகளை எடுத்து, அந்தக் கருவிகளுக்குப் பதிவு எண் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.

"உடனடியாக" என்று எழுதியிருந்த இடத்தையெல்லாம் அடித்துத் தேதி போட்டோம். எதிரே துறையின் பெயர் இல்லை. ஆளின் பெயர், ஒன்றே ஒன்று. உங்கள் அலுவலகத்தின் கடைசித் தணிக்கை அறிக்கையை எடுத்து இந்த இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.