ஆஃபர் லெட்டரில் 20 லட்சம், கையில் எவ்வளவு?

சந்தா முறையில் மென்பொருள் விற்கும் நிறுவனங்கள் சென்னையிலும் பெங்களூரிலும் பெருகிவிட்டன. அவற்றின் விற்பனைப் பிரிவில் சேருபவருக்குக் கிடைக்கும் ஆஃபர் லெட்டரில் பெரும்பாலும் இரண்டு தொகைகள் இருக்கும். ஒன்று, மாதாமாதம் தவறாமல் வரும் சம்பளம். மற்றது, விற்றதைப் பொறுத்து வரும் 'வேரியபிள்'. இரண்டையும் கூட்டிச் சொல்வதற்கு அந்தத் துறையில் 'ஓ.டி.இ.' என்று பெயர். டார்கெட்டைச் சரியாக எட்டினால் ஓர் ஆண்டில் கிடைக்கக்கூடிய மொத்த வருமானம் அது.

வீட்டில் 'சம்பளம் எவ்வளவு?' என்று கேட்டால் பலரும் இந்த மொத்தத்தைத்தான் சொல்கிறார்கள். வீட்டுக் கடனின் மாதத் தவணையையும் இதை மனதில் வைத்தே முடிவு செய்கிறார்கள். ஆனால், ஒவ்வொரு காலாண்டிலும் டார்கெட்டை அச்சாகத் தொட்டு, வாங்கிய வாடிக்கையாளர் எவரும் விலகாத ஆண்டில் மட்டும்தான் அந்தத் தொகை கைக்கு வரும். மற்ற ஆண்டுகளின் வருமானத்தை கமிஷன் திட்டத்தின் விதிகள் தீர்மானிக்கின்றன. அவற்றில் முக்கியமானவை மூன்று: கோட்டா, ஆக்சிலரேட்டர், கிளாபேக்.

கோட்டா: விகிதம் எங்கிருந்து வருகிறது?

கணக்குக்காக ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்வோம். நிலையான சம்பளம் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய். வேரியபிள் 8 லட்சம். மொத்தம் 20 லட்சம். ஆண்டு கோட்டா, அதாவது அவர் விற்றுத் தரவேண்டிய சந்தாவின் ஓராண்டு மதிப்பு, 1.6 கோடி. இதை நான்காகப் பிரித்தால் காலாண்டுக்கு 40 லட்சம் விற்க வேண்டும். விற்றால் 2 லட்சம் கமிஷன்.

கமிஷன் விகிதம் 5 சதவீதம் என்பது இங்கே தானாக வந்துவிடுகிறது. 8 லட்சத்தை 1.6 கோடியால் வகுத்தால் கிடைப்பது அது. இதிலிருந்து ஒன்று தெளிவாகும். வேரியபிள் தொகையைத் தொடாமல் கோட்டாவை மட்டும் உயர்த்தினாலே விகிதம் இறங்கிவிடும். இந்த ஆண்டு நன்றாக விற்றவருக்கு அடுத்த ஆண்டு கோட்டாவை 2 கோடி ஆக்கினால் விகிதம் 4 சதவீதம். அவர் அதே 1.6 கோடியை விற்றாலும் கிடைப்பது 6.4 லட்சம்தான். சம்பளக் கடிதத்தில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. வருமானத்தில் மட்டும் 1.6 லட்சம் குறைந்திருக்கும்.

பல திட்டங்களில் அடிவரம்பும் உண்டு. நம் திட்டத்தில் அது 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். காலாண்டில் 20 லட்சத்துக்குக் கீழே விற்றால் கமிஷன் எதுவும் கிடையாது. 20 லட்சத்தைத் தொட்டுவிட்டால் முதல் ரூபாயிலிருந்தே 5 சதவீதம். ஆகவே 19 லட்சம் விற்றவருக்குப் பூஜ்யம்; 20 லட்சம் விற்றவருக்கு 1 லட்சம்.

ஆக்சிலரேட்டர்: எப்போது விற்றோம் என்பதற்கும் விலை உண்டு

கோட்டாவைத் தாண்டிய விற்பனைக்கு உயர்ந்த விகிதம் தருவதுதான் ஆக்சிலரேட்டர். நம் திட்டத்தில் 40 லட்சத்துக்கு மேல் விற்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் இரட்டிப்பு, அதாவது 10 சதவீதம். ஒரு காலாண்டில் 56 லட்சம் விற்றால் முதல் 40 லட்சத்துக்கு 2 லட்சமும் மீதி 16 லட்சத்துக்கு 1.6 லட்சமும் சேர்ந்து 3.6 லட்சம் வரும். விற்பனை 40 சதவீதம்தான் கூடியது. கமிஷன் 80 சதவீதம் கூடிவிட்டது. நிறுவனத்துக்கும் இது கட்டுப்படியாகும். நிலையான சம்பளம் உள்ளிட்ட அடிப்படைச் செலவுகளை முதல் 40 லட்சமே தாங்கிவிடும் என்ற கணக்கில்தான் அதற்கு மேல் தாராளம் காட்டுகிறது.

இப்போது ஒரே நிறுவனத்தில், ஒரே ஆண்டில், தலா 1.6 கோடி விற்ற இருவரைப் பார்ப்போம். முதலாமவர் ஒவ்வொரு காலாண்டிலும் சீராக 40 லட்சம் விற்றார். அவருக்கு நான்கு முறை 2 லட்சம், ஆக 8 லட்சம். இரண்டாமவர் விற்றது முறையே 15, 60, 20, 65 லட்சம். முதல் காலாண்டில் அடிவரம்பைத் தொடாததால் அவருக்கு எதுவும் இல்லை. இரண்டாவதில் 4 லட்சம், மூன்றாவதில் 1 லட்சம், நான்காவதில் 4.5 லட்சம். மொத்தம் 9.5 லட்சம். ஒரு காலாண்டு முழுக்கக் கமிஷன் இல்லாமல் இருந்தவர், சீராக உழைத்தவரைவிட 1.5 லட்சம் கூடுதலாகப் பெற்றுவிட்டார்.

இந்த ஏற்றத்தாழ்வு தற்செயலாகவும் வரலாம், திட்டமிட்டும் வரவழைக்கலாம். அடிவரம்பைத் தொட முடியாது என்று தெரிந்த காலாண்டில், கையெழுத்தாகத் தயாராக இருக்கும் ஒப்பந்தத்தை அடுத்த காலாண்டுக்குத் தள்ளிவைப்பது ஒரு வழி. கோட்டாவைத் தாண்டிவிட்ட காலாண்டில், அடுத்த காலாண்டில் வரவேண்டிய வாடிக்கையாளரைத் தள்ளுபடி கொடுத்து முன்கூட்டியே இழுத்துக்கொள்வது இன்னொரு வழி. இயன் லார்கின் என்ற பொருளியல் ஆய்வாளர் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தின் ஒப்பந்தங்களை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட கட்டுரை இதைப் பற்றியதுதான். தங்களுக்கு ஆதாயமான காலாண்டில் ஒப்பந்தம் முடியவேண்டும் என்பதற்காக விற்பனையாளர்கள் விலையைக் குறைத்தார்கள். அதனால் நிறுவனம் இழந்தது வருவாயில் 6 முதல் 8 சதவீதம் வரை என்று அவர் கணக்கிட்டார்.

இதற்காக விற்பனையாளர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. காலாண்டுதோறும் கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் விதியே அவர்களை அப்படித் தூண்டுகிறது. ஏப்ரல் முதல் மார்ச் வரை விற்பனையைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே வந்து, ஆண்டு கோட்டாவைத் தாண்டிய பிறகு மட்டும் ஆக்சிலரேட்டர் தந்தால் அந்த இருவருக்கும் ஒரே 8 லட்சம்தான் கிடைத்திருக்கும். தள்ளிவைப்பதற்கும் இழுத்துக்கொள்வதற்கும் காரணம் பெருமளவு குறைந்திருக்கும்.

கிளாபேக்: கொடுத்ததைத் திரும்பக் கேட்கும் விதி

வாடிக்கையாளர் குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினாலோ, பில் தொகையைக் கட்டாமல் விட்டாலோ, அந்த விற்பனைக்குக் கொடுத்த கமிஷனை நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்வது கிளாபேக். பொய் வாக்குறுதி கொடுத்து விற்றுவிட்டு, கமிஷனோடு போய்விடுபவர்களைத் தடுக்க நிறுவனத்துக்கு இப்படியொரு காப்பு தேவைதான். ஆனால் எவ்வளவு தொகையை, எப்படித் திரும்ப எடுப்பது என்பதில்தான் விற்பனையாளரின் தலையெழுத்து இருக்கிறது.

நம் இரண்டாமவரையே எடுத்துக்கொள்வோம். 60 லட்சம் விற்ற அந்த ஜூலை–செப்டம்பர் காலாண்டில், 20 லட்சம் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தது. ஒப்பந்தம் ஆகஸ்டில் கையெழுத்தானது. கமிஷன் அக்டோபர் சம்பளத்தோடு வந்துவிட்டது. அந்த வாடிக்கையாளர் மறு மே மாதம் சந்தாவை ரத்து செய்கிறார். திட்டத்தில் 12 மாத கிளாபேக் இருப்பதால் பணத்தைத் திருப்பியாக வேண்டும்.

எவ்வளவு? அடிப்படை விகிதத்தில் திருப்பினால் போதும் என்றால் 20 லட்சத்தில் 5 சதவீதம், 1 லட்சம். அந்தக் காலாண்டின் சராசரி விகிதம் என்றால் சுமார் 1.33 லட்சம். 'அந்தக் காலாண்டை மறுபடி கணக்கிடுவோம்' என்றால் 60 லட்சம் 40 லட்சமாகிறது, ஆக்சிலரேட்டரே மறைந்துவிடுகிறது, 2 லட்சம் போகிறது. 'கமிஷன் திரும்பப் பெறப்படும்' என்ற ஒற்றை வரியை இந்த மூன்று விதமாகவும் படிக்க முடியும்.

நான்காவதாக ஒரு முறையும் இருக்கிறது. ரத்தான 20 லட்சத்தை, ரத்து நடந்த காலாண்டின் விற்பனையிலிருந்து கழிப்பது. புதிய ஆண்டின் ஏப்ரல்–ஜூன் காலாண்டில் அவர் 38 லட்சம் விற்றார் என்று கொள்வோம். அதற்கு 1.9 லட்சம் வரவேண்டும். 20 லட்சத்தைக் கழித்தால் 18 லட்சம்; அடிவரம்புக்குக் கீழே போய்விட்டது. மூன்று மாத உழைப்புக்கு வரவேண்டிய கமிஷன் முழுவதும் இல்லாமல் போகிறது.

இதில் வருமான வரியும் சேர்ந்துகொள்ளும். அக்டோபரில் அந்த 2 லட்சத்தைக் கொடுக்கும்போதே நிறுவனம் வரியைப் பிடித்திருக்கும். 20 சதவீதம் என்று வைத்தால் கைக்கு வந்தது 1.6 லட்சம்தான். மே மாதத்தில் 2 லட்சத்தையும் திருப்பச் சொன்னால், பார்க்காத 40 ஆயிரத்தையும் சேர்த்துத் தருகிறார் அவர். ஒரே நிதியாண்டுக்குள் நடந்திருந்தால் சம்பளப் பிரிவு அந்த ஆண்டின் வரிக் கணக்கிலேயே சரிக்கட்டியிருக்கும். மார்ச் கடந்துவிட்டதால் அந்த வழி எளிதாக இல்லை.

மறுகணக்கு முறையில் அவருடைய 9.5 லட்சம் இப்போது 7.5 லட்சம். சீராக விற்ற முதலாமவரைவிடக் குறைவு.

வாடிக்கையாளர் ஏன் விலகினார் என்பதையும் இங்கே கேட்க வேண்டும். இல்லாத வசதி இருப்பதாக விற்பனையாளர் சொல்லியிருந்தால் அவர் பொறுப்பேற்பது முறை. மென்பொருள் அடிக்கடி முடங்கியதாலோ, வாடிக்கையாளர் சேவை சரியில்லாததாலோ விலகியிருந்தால், விற்றுக் கொடுத்தவரின் சம்பளத்திலிருந்து அதை ஈடுகட்டுவது அநியாயம். இதற்கு நல்ல மாற்று ஏற்கெனவே பல இடங்களில் நடைமுறையில் இருக்கிறது. கையெழுத்தானதும் கமிஷனில் பாதி. வாடிக்கையாளரின் பணம் வந்த பிறகு மீதி. கொடுத்ததைப் பிடுங்க வேண்டிய நிலை அப்போது அரிதாகிவிடும்.

கையெழுத்துக்கு முன்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், கமிஷனைக் கணக்கிடும் முறையை எழுத்துபூர்வ ஒப்பந்தமாக்கி, கையெழுத்திட்ட பிரதியை ஊழியருக்குக் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் 2013 முதல் நடைமுறையில் உள்ளது. அந்தச் சட்டம் நமக்கு இல்லாவிட்டாலும் கேட்பதற்கு யாரும் தடை போடவில்லை. ஆஃபர் லெட்டரோடு கமிஷன் திட்டத்தின் முழு ஆவணத்தையும் கேளுங்கள். அடிவரம்பு இருக்கிறதா, ஆக்சிலரேட்டர் காலாண்டுக் கணக்கா ஆண்டுக் கணக்கா, கிளாபேக் எத்தனை மாதம், எந்த விகிதத்தில், வரிக்கு முந்தைய தொகையா பிந்தையதா, ஆண்டின் நடுவில் கோட்டாவை மாற்றலாமா என்று பாருங்கள். உங்கள் குழுவில் சென்ற ஆண்டு எத்தனை பேர் கோட்டாவை எட்டினார்கள் என்பதையும் மேலாளரிடம் நேராகக் கேளுங்கள். பாதிப் பேர்கூட எட்டவில்லை என்றால் அந்த 20 லட்சத்தை நம்பாதீர்கள்.

பிறகு கோட்டாவில் 70, 100, 130 சதவீதம் விற்றால் என்ன வரும் என்று மூன்று கணக்கு போடுங்கள். 70 சதவீதத்தில் வரும் தொகையில் குடும்பம் நடத்த முடிந்தால் வேலையை ஏற்றுக்கொள்ளலாம். மாதத் தவணையை நிலையான சம்பளத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிலரேட்டரில் வந்த பணத்தை, கிளாபேக் காலம் முடியும்வரை செலவழிக்காமல் வங்கியில் போட்டு வையுங்கள். அந்தக் காலம் முடிந்த பிறகுதான் அது முழுமையாக உங்கள் பணம்.